காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் கஞ்சி வேண்டும்

காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைப்பது ஒரு வித்தையா என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். எங்கள் வைத்திக்குப்பத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தாலே தெருவுக்கு ஒரு வீட்டில் டெங்கு. அந்த வீடுகளில் காய்ச்சல் அடிக்கிற நாளில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். உடம்பு சில்லென்று ஆன மறுநிமிஷம் கவனம் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. எங்களுக்கு அதிகம் செலவு வைத்தது அந்த ஒரு நாள்தான்.

என் வீட்டுக்காரருக்கு டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும் டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "காய்ச்சல் விடும்போதுதாம்மா ஆபத்தே ஆரம்பிக்குது." டெங்குவில் பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் நடுவே ஜுரம் இறங்கும். அப்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். ஓரிரு நாள் கழித்துத்தான் அது அடங்கும். அந்த நேரத்தில் தாங்க முடியாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லிட்டுப் போவது, ஒரேயடியாகச் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் உப்புப் போட்ட நீர்த்த கஞ்சியும் இளநீரும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜுரம் விட்ட காலையில் என் நாத்தனார் தூக்கில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். மேலே விரல்கடை உயரத்துக்குச் செக்கச்செவேலென்று எண்ணெய். "தண்ணிக் கஞ்சியக் குடுத்தே என் தம்பிய வத்த வெச்சிட்டியேடி" என்று வாசலிலேயே சத்தம். "டாக்டர் சொல்லியிருக்காருக்கா" என்றேன், காதில் வாங்கவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் இரண்டு டம்ளர் உள்ளே போய்விட்டது. மத்தியானத்துக்குள் வாந்தி, அதுவும் சிவப்பாக. அது மிளகாய்த் தூளா, ரத்தமா? எங்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை. படுக்கையில் போட்டு டிரிப் ஏற்றி, ராவெல்லாம் ரத்தம் எடுத்து, ரத்தம் கெட்டியாகிறதா, பிளேட்லெட் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். நல்லவேளை, அது மிளகாய்தான். ஆனால் வாந்தி வந்ததற்குக் காரணம் சூப்பா, நோயா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. காரமும் கொழுப்பும் வயிற்றைக் கெடுப்பது ஒரு பக்கம். ஆபத்தைக் காட்டிக்கொடுக்கிற அறிகுறியையே அது மறைத்துவிடுகிறது, அதுதான் பெரிய கேடு. ரத்தம் ஊறும் என்று பீட்ரூட் சாறு கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். டெங்கு முழுசாகத் தெளிகிறவரை சிவப்பும் கறுப்புமான எந்த ஆகாரமும் வேண்டாம்.

"தண்ணிக் கஞ்சி" என்று இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1971இல் வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். சர்க்கரைச் சத்து குடலுக்குள் போகும்போது உப்பையும், உப்போடு தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் அது வேலை செய்தது. அரிசி மாவுச்சத்தும் குடலில் சர்க்கரையாகத்தான் உடைகிறது. ஆகவே உப்புப் போட்ட கஞ்சி ஏழைக்கு வைத்த பத்தியம் இல்லை, சரியான மருத்துவம். உப்பில்லாத கஞ்சியையும் வெறும் தண்ணீரையும் மட்டும் மாற்றி மாற்றி ஊற்றினால் அந்தப் பலன் கிடைக்காது.

வைக்கிற விதம் இதுதான். ஒரு கைப்பிடி நொய்யரிசி, ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு. இரண்டையும் வெறும் சட்டியில் வாசம் வருகிறவரை வறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் அரை மணிக்கு மேல் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம். அதில் வெந்தது தெரியுமே தவிர, பதம் தெரியாது. ஒரு பருக்கையை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கக் கூடாது. இறக்கும்போது அரை டீஸ்பூன் உப்பு.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். அடுப்பில் சரியாகத் தெரிகிற கஞ்சி, டம்ளரில் ஆறினால் இறுகிக் களியாகும். அதனால் அடுப்பிலிருக்கும்போதே, இவ்வளவு நீர்க்க வேண்டுமா என்று தோன்றுகிற பதத்தில் இறக்குங்கள். குடிக்கிற சூட்டில் கரண்டியிலிருந்து ஊற்றினால் அறுபடாமல் நூலாக இறங்க வேண்டும். திட்டுத் திட்டாக விழுந்தால் வெந்நீர் விட்டு இளக்கி, உப்பைச் சரிபாருங்கள். காலையில் வைத்ததைச் சாயந்திரம் கொடுக்காதீர்கள். எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் நாலு மணி நேரம்கூடத் தாங்காது.

ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்கச் சொல்லாதீர்கள். அரை டம்ளர், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அரை டம்ளர். போதுமா என்பதை மூத்திரம் சொல்லிவிடும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது வெளிறிய மஞ்சளில் போக வேண்டும். போகாவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். சர்க்கரை, கிட்னி, இதயத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அளவை டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

நாக்குக் கசப்புக்குச் சுட்ட அப்பளம் போதும், உப்பு நார்த்தங்காய்த் துணுக்கும் தரலாம். பொரித்த வடகமும் கருவாடும் தெருவே கேட்டாலும் கிடையாது.

வாந்தி இல்லாமல் ஒரு நாள் கடந்து, அவராக "பசிக்குது" என்றால்தான் சூப். அதற்குக் கிழங்கா மீனை விட்டால் வேறில்லை. முள் குறைவு, சதை பஞ்சு, கொழுப்பும் அதிகமில்லை. கரையில் விடிகாலை வந்த மீனாகப் பாருங்கள். கண் தெளிந்து, செவுள் சிவந்திருக்க வேண்டும். நாலைந்து மீனைக் கழுவி, சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, மஞ்சள், தட்டிய மிளகு சீரகம் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இறக்குங்கள். சதை வெளுத்து முள்ளை விட்டதும் மீனை எடுத்துவிட வேண்டும், விட்டு வைத்தால் கவிச்சி ஏறும். சாற்றைத் துணியில் வடிகட்டுங்கள். சதையை விரலால் தடவித் தடவி முள் பார்த்து உதிர்த்துக் கஞ்சியில் மசித்துக் கொடுங்கள். தாளிக்கவே கூடாது. கோழி சூப்தான் வேண்டும் என்றால், ஆறவைத்து மேலே படிகிற கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடு பண்ணுங்கள். பிறகு குழைந்த சோறு, ரசம், இட்லி என்று ஏறிப் போகலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் நான் இந்த வரிசையைத்தான் பிடித்தேன். நாத்தனார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நான் அதற்காக வருந்தவும் இல்லை. உங்கள் வீட்டிலும் பாசத்தோடு ஒரு தூக்கு வரும். வாங்கி வையுங்கள், நன்றி சொல்லுங்கள், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும். நோயாளியின் டம்ளரில் என்ன ஊற்றுவது என்பதை மட்டும் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவரே முடிவு செய்ய வேண்டும்.