நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு திருத்த அட்டை

இடம் மாறி வந்த பின் பல குடும்பங்கள் ஒரே நீர் இறைக்கும் இயந்திரத்தைப் பொதுவில் வைத்துத் தோட்டம் செய்வதைக் காண்கிறோம். இன்று ஒருவர் இறைப்பார், நாளை இன்னொருவர் இறைப்பார். பழுதானால் கிடைத்த திருத்துனரிடம் கொண்டு போவோம். முன்னர் என்ன பழுது, என்ன பாகம் மாற்றியது என்பது ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. இதற்காகத்தான் இயந்திரத்தோடு ஒரு திருத்த அட்டை இருக்க வேண்டும் என்கிறோம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். எட்டுக் குடும்பங்களின் இரண்டு அங்குல மண்ணெண்ணெய் இயந்திரம் ஒன்று. பெப்ரவரியில் பம்பின் பின்புறம் தண்ணீர் ஒழுகியது. திருத்துனர் சீலை மாற்றினார். மார்ச்சில் மீண்டும் ஒழுகியது. வேறொரு திருத்துனர் சீலை மாற்றினார். ஏப்ரலிலும் அதேதான். மூன்று துண்டுகளிலும் "சீல் மாற்றப்பட்டது, சரி" என்றே எழுதியிருந்தது. மூன்று துண்டுகளும் மூன்று வீடுகளில் கிடந்தன. அவை ஒரே அட்டையில் இருந்திருந்தால், புதுச் சீல் ஏன் ஒரு மாதத்தில் முடிகிறது என்று எவரும் கேட்டிருப்பார்கள்.

சீல் என்பது பம்புக்குள் தண்டைச் சுற்றி ஒன்றோடொன்று உராயும் இரண்டு வளையங்கள். அவற்றைக் குளிர வைப்பது பம்பிலுள்ள தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே அவை சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே சீல் அடிக்கடி போகிறதென்றால், பம்பு எப்போது வெறுமையாக ஓடுகிறது என்று தேட வேண்டும்.

மே மாதம் நான்காம் முறை பழுதானபோது அட்டையை இப்படி நிரப்பினார்கள்:

திகதி: மே 9. இயந்திர இலக்கம்: 2.

பாவித்தவர் கண்டது: காலையில் ஓட விட்டால் தண்ணீர் வருவதில்லை. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால்தான் வருகிறது. பின்புறம் ஒழுகுகிறது.

திருத்துனர் கண்டது: சீல் தேய்ந்துள்ளது. புதுச் சீல் போட்டுத் தண்ணீர் நிரப்பி, நீர் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் பார்த்தோம். மட்டம் இறங்கியது. பொருத்துகளிலோ பம்பின் பின்புறத்திலோ வெளியே ஒழுக்கில்லை. குழாயைத் தூக்கிப் பார்த்தால் கிணற்றினுள் இருக்கும் புட்வால்வின் றப்பர் கிழிந்துள்ளது.

செய்த வேலை: சீலும் வால்வு றப்பரும் மாற்றப்பட்டன.

பாவித்த பாகங்கள்: சீல் 1 சோடி, வால்வு றப்பர் 1. பழைய பாகங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

பரிசோதனை: அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தினோம். பத்து நிமிடத்தின் பின் மூடியைத் திறந்தால் தண்ணீர் நிறைந்தே நிற்கிறது. ஒழுக்கு இல்லை.

மீதி வேலை: புட்வால்வின் சல்லடை உடைந்துள்ளது, மாற்ற வேண்டும்.

கையொப்பம்: திருத்துனர், பாவித்தவர்.

இதில் காரணம் தெளிவாகிறது. கிழிந்த றப்பரால் குழாய்த் தண்ணீர் இரவில் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் வருபவர் தண்ணீர் ஊற்றாமலே இயந்திரத்தை ஓட விடுவார். சீல் எரியும். மூன்று முறையும் மாற்றியது எரிந்த பொருளை. எரித்த காரணம் கிணற்றுக்குள் இருந்தது.

அட்டை எழுதும்போது மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பாவித்தவர் கண்டதைத் தன் சொல்லிலேயே எழுத வேண்டும். "சீல் பழுது" என்று அவரே எழுதினால் திருத்துனரும் சீலை மட்டுமே பார்ப்பார். காலையில்தான் இப்படி என்ற சொல்தான் மேற்சொன்ன பழுதைக் காட்டிக் கொடுத்தது.

இரண்டாவது, "சரி" என்று எழுதாமல் எப்படிப் பார்த்தோம் என்று எழுத வேண்டும். சீல் மாற்றிய உடனே ஓட்டிப் பார்த்தால் ஒழுகாது. ஓடும்போது புட்வால்வின் கசிவும் தெரியாது. நிறுத்தி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பாவித்தவர் இந்தப் பரிசோதனையை நேரில் பார்த்த பிறகே கையொப்பம் இட வேண்டும்.

மூன்றாவது, மீதி வேலையை மறைக்கக் கூடாது. சல்லடை உடைந்திருந்தால் குச்சியும் மணலும் வால்வுக்குள் சிக்கி, புது றப்பரும் மூடாமல் நிற்கும். எழுதி வைத்தால் அடுத்த முறை இறைப்பவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

ஓர் எல்லையும் உண்டு. வரட்சியில் கிணற்று மட்டம் இயந்திரத்துக்கு ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே இறங்கினால், நல்ல பம்பும் தண்ணீரை உறிஞ்சாது. அது பழுதல்ல. ஆகவே பழுதை எழுதும்போது கிணற்று மட்டத்தையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள்.

தடித்த மட்டையில் கோடு போட்டாலே அட்டை ஆயத்தம். அதைப் பொலித்தீன் பையில் இட்டு, சாவிகள் வைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். இயந்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தத் திருத்துனரிடம் போனாலும் அட்டையும் கூடவே போகட்டும்.