லேபிள் அழிந்த ஓவனின் மாடலைக் கண்டுபிடிப்பது எப்படி?

மைக்ரோவேவ் ஓவன் பழுது பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்கள் ஓவனுக்குப் பன்னிரண்டு வயது. பின்பக்க லேபிள் துடைத்துத் துடைத்தே வெளுத்துவிட்டது. ஸ்டார்ட் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. மாடல் எண் தெரியாமல் கீபேட் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். போட்டோ அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்ல முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பேனலைப் பார்த்து ஓவன் எந்தக் குடும்பம் என்று சொல்லலாம் அம்மா. மாடல் எண்ணைச் சொல்ல முடியாது. ஒரே போர்டையும் ஒரே பட்டன் அடுக்கையும் வைத்து ஒரு தொழிற்சாலை பல மாடல்கள் செய்யும். அவற்றைத்தான் நாங்கள் ஒரு குடும்பம் என்கிறோம். உங்களுக்குக் குடும்பம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் கதவைத் திறந்து முன்சட்டத்தின் ஓரங்களைப் பாருங்கள். சில ஓவன்களில் அங்கே இன்னொரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். பின்பக்க லேபிளில் `R-` என்று தொடங்கி எட்டு இலக்கம் மிச்சமிருந்தாலும் போதும். மைக்ரோவேவ் ஓவன்களுக்குக் கட்டாயப் பதிவு கொண்டுவந்தது 2012-ஆம் ஆண்டு ஆணை. அந்தப் பதிவு எண்ணை `BIS Care` செயலியில் போட்டால், எந்தத் தொழிற்சாலை செய்தது என்று வந்துவிடும். முன்பக்கம் இருக்கும் பிராண்டு பெயரை விட எனக்கு இதுதான் உதவும்.

இனி உங்கள் பேனல். மேலே டிஸ்ப்ளே, கீழே நான்குக்கு நான்காகப் பதினாறு பட்டன்கள், குமிழ் கிடையாது, அடியில் கதவு திறக்கும் பொத்தான். இது வெளித்தோற்றம்தான். போர்டு என்ன பேசுகிறது என்று பார்க்க வேண்டும். பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி, டிஸ்ப்ளேயில் வருவதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். `P100`, `P80`, `P50`, `P30`, `P10` என்று இறங்கினால் அது மைடியா ஓவன்களில் அடிக்கடி பார்க்கும் வரிசை. வேறு பெயர் ஒட்டி விற்ற ஓவன்களிலும் அதே வரிசை வரும். `800`, `640`, `480`, `320`, `160` என்று வாட் கணக்கில் இறங்கினால் அது வேறு வகை. பேனலின் அச்சு அழிந்துபோனாலும் போர்டுக்குள் எழுதிய இந்த வரிசை மாறாது.

அடுத்து உள்ளே பாருங்கள். கூரையில் சூடேற்றும் கம்பி இருந்தால் கிரில். பின்சுவரில் வட்டமாகத் துளைகளும் அதற்குப் பின்னால் விசிறியும் இருந்தால் கன்வெக்‌ஷன். இரண்டும் இல்லையென்றால் சோலோ. ஒரே குடும்பத்தில் இந்த மூன்றும் இருக்கும், பேனலும் ஒன்று போலவே இருக்கும். பட்டனின் பெயர் மட்டும் மாறும். கண்ணாடித் தட்டின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். மிச்சத்தை அவர் பார்ப்பார். எப்படி என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஓவனும் பக்கத்து வீட்டு ஓவனும் அச்சு அசலாக ஒரே பேனல். அவர்கள் லேபிளில் உள்ள எண்ணைச் சொல்லி கீபேட் வாங்கிவிட்டேன். ஒட்டினால் போதும்தானே?
— வாசகர், ஈரோடு

பதில்: ஒட்டாதீர்கள். பின்பக்கப் பசைத்தாளை உரித்துவிட்டால் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள்.

முகத்தைப் பார்த்து கீபேட் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் நான் தினமும் பார்க்கும் தவறு. கீபேடில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ஒயர் போகாது. நாலு குறுக்குக் கோடு, நாலு நெடுக்குக் கோடு, மொத்தம் எட்டுக் கோடுகள் ரிப்பனில் இறங்கும். பதினாறு சந்திப்புகளில் பதினாறு பட்டன்கள். எந்தப் பட்டன் எந்தச் சந்திப்பில் இருக்கிறது என்பது மேலே அச்சடித்த படத்தில் தெரியாது. அதை மல்டிமீட்டர்தான் சொல்லும்.

ஒருமுறை என் பட்டறைக்கு இதே போல் ஒன்று வந்தது. பதினாறு பட்டன், எட்டுக் கோடு, ஸ்டார்ட் செத்துப்போயிருந்தது. மாடல் எண் இல்லை. பழைய கீபேடைக் கழற்றி, ரிப்பன் கோடுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டேன். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே எந்த இரண்டு கோடுகள் சேர்கின்றன என்று மீட்டரில் தேடினேன். ஸ்டாப் பட்டனுக்கு 1-ம் 5-ம் சேர்ந்தன. இப்படியே வேலை செய்யும் பதினைந்து பட்டன்களுக்கும் ஜோடி எழுதினேன். பதினாறு சந்திப்புகளில் 4-8 மட்டும் காலியாக நின்றது. செத்த ஸ்டார்ட்டின் இடம் அதுதான். ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் இப்படித் துல்லியமாகப் பிடிக்கலாம். இரண்டு செத்திருந்தால் காலி இடமும் இரண்டாகிவிடும், எது எதனுடையது என்று மீட்டர் சொல்லாது. அப்போது கீபேடின் பின்பக்கம் ஓடும் தடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பின்தொடர வேண்டும்.

அப்புறம் கடையிலிருந்து வந்த புது கீபேடை அளந்தேன். அதே முகம், அதே எட்டுக் கோடு. ஆனால் ஸ்டாப் 2-5, ஸ்டார்ட் 1-5. அதாவது பழைய கீபேடில் ஸ்டாப் இருந்த இடத்தில் இதில் ஸ்டார்ட் உட்கார்ந்திருந்தது. ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் என்று அழுத்தும்போது ஓவன் அதை ஸ்டாப் என்று எடுத்துக்கொள்ளும். போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து, நல்ல போர்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டாவதாக வரவழைத்த கீபேடில் பதினாறு ஜோடியும் பொருந்தின. அதன் பிறகுதான் பசைத்தாளை உரித்தேன்.

ஆகவே வரிசை இதுதான்: முகம் பொருந்துகிறதா, ரிப்பனில் கோடுகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா, ஜோடிகள் பொருந்துகின்றனவா. மூன்றாவதைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. உங்கள் மெக்கானிக் மறுத்தால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

கேள்வி: என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே மூடியைக் கழற்றி இந்த அளவை எடுக்கலாமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்த கெபாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி செய்தது. அதை இறக்கிவிட உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு, ஆனால் அது அறுந்துபோயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லுங்கள். கீபேட் தனியாகக் கைக்கு வந்த பிறகு மேசையில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் அளந்து பாருங்கள்.

கேள்வி: இரண்டு குமிழ் மட்டும் உள்ள ஓவன். மாடல் தெரிய வேண்டும்.
— வாசகர், வேலூர்

பதில்: இரண்டு குமிழை வைத்துக் குடும்பம் சொல்ல முடியாது. டைமர் எத்தனை நிமிடம் வரை போகிறது, குமிழின் துளை என்ன வடிவம், தட்டின் விட்டம் எவ்வளவு என்று அளந்து, கழற்றிய பழைய பாகத்தையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. பேனலில் எழுத்தும் அழிந்துவிட்டது. கீபேட் முழுவதும் போய்விட்டதா? புது ஓவன்தான் வாங்க வேண்டுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயப்படாதீர்கள். ஒரே நாளில் எல்லாப் பட்டனும் சாவது அபூர்வம். டிஸ்ப்ளேயில் சாவியோ பூட்டோ போன்ற சின்ன அடையாளம் எரிகிறதா பாருங்கள். குழந்தைப் பூட்டு விழுந்திருக்கும். பல குடும்பங்களில் ஸ்டாப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திறக்கும். எது ஸ்டாப் என்று தெரியாவிட்டால் கீழ்வரிசைப் பட்டன்களை ஒவ்வொன்றாக அப்படிப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: புது ஓவன் வாங்கியிருக்கிறோம். லேபிள் அழியாமல் இருக்க மேலே செல்லோடேப் ஒட்டலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பின்பக்கத்தில் சூடான காற்று வெளியேறும், டேப் கருகி உரியும்போது எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். இன்றைக்கே லேபிளைப் போட்டோ எடுங்கள். மாடல் எண்ணையும் `R-` எண்ணையும் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள்.