புள்ளி வைத்தாலும் உங்கள் முகவரிதான்

கேள்வி: யாரோ என் ஜிமெயில் முகவரியைக் கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறார். தவணை நினைவூட்டல்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் என் பெயர் நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. அது வேறொருவர் முகவரியா?

பதில்: இல்லை. ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. புள்ளி வைத்த முகவரியும் உங்களுடையதுதான். அவர் தன் முகவரியில் ஓர் எழுத்தையோ எண்ணையோ விட்டிருப்பார். உறுதிசெய்யச் சொல்லும் இணைப்பைத் தொடாதீர்கள். தொட்டால் அவர் கணக்கில் உங்கள் முகவரி நிலைத்துவிடும். கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போகவும் வேண்டாம், அது அடுத்தவர் கணக்கு. நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, குறைதீர் அலுவலருக்கு, "இந்த வாடிக்கையாளர் நான் அல்ல, என் முகவரியை நீக்குங்கள்" என்று எழுதுங்கள். வந்த நினைவூட்டலில் உங்கள் பான் எண்ணே இருந்தால் அது தவறுதல் அல்ல, மோசடி. உடனே 1930-ஐ அழையுங்கள்.