ஒரு யூனிட்னா எவ்வளவு?

தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்து மோட்டாரைப் பத்திப் பேச்சு வந்தா, முதல் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். எச்.பி., கிலோவாட் ரெண்டுமே திறனோட அளவுதான், ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட். ஆனா மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு அதுல தெரியாது.

கிலோவாட்டை ஓடின மணி நேரத்தால பெருக்கினா வர்றது கிலோவாட்-மணி. கரண்ட் பில்லில் வர்ற யூனிட் இதுதாங்க. 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்துல ஒரு யூனிட்டை முடிச்சிடும். 75 வாட் ஃபேன் அதே ஒரு யூனிட்ல பதிமூணு மணி நேரத்துக்கு மேல சுத்தும். ஹீட்டர் தினமும் அரை மணி நேரம் ஓடினா, ரெண்டு மாச பில்லில் 60 யூனிட். இலவசமா வர்ற 100 யூனிட்ல பாதிக்கு மேல குளியலறையிலயே காலி! (தண்ணி சூடானதும் ஹீட்டர் தானா நின்னுடும், அந்த நேரம் கணக்குல வராது.)

இதை மீட்டர்லயே பார்க்கலாம். முகப்பில் `3200 imp/kWh`னு இருந்தா, அந்தச் சின்ன விளக்கு 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். 36 நொடி என்பது ஒரு மணி நேரத்துல நூத்துல ஒரு பங்கு. அதனால 36 நொடியில எத்தனை தடவை மின்னுதுன்னு எண்ணி, 32-ஆல வகுங்க. இப்ப வீடு இழுக்கிற கிலோவாட் கிடைச்சிடும். ஹீட்டர் மட்டும் ஓடும்போது 64 தடவைக்குப் பக்கத்துல வரணும். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாத்தையும் அணைச்ச பிறகும் விளக்கு மின்னிட்டே இருந்தா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க.