மாறுபாட்டின் முதன்மைத் திசை

ஆமைகள் பலவற்றின் ஓட்டு நீளத்தையும் உயரத்தையும் அளந்து வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால், அவை சாய்ந்த நீள்வட்டம்போல் பரவியிருக்கும்; நீளம் மிகும்போது உயரமும் மிகுவதே காரணம். அப்பரவலின் நீண்ட அச்சைக் காணும் வழியைக் கார்ல் பியர்சன் 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவே முதன்மைக் கூறு பகுப்பாய்வு.

முதலில் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்தல் வேண்டும். பின்னர் உடன்மாறுபாட்டு அணி அமைக்கப்படும். சென்டிமீட்டரில் அளந்தபோது நீளத்தின் மாறுபாடு 5, உயரத்தின் மாறுபாடு 2, அவ்விரண்டின் உடன்மாறுபாடு 2 எனக் கொள்க.

```
A = | 5  2 |
    | 2  2 |
```

ஓர் அணியால் பெருக்கும்போது பெரும்பாலான வெக்டர்கள் திசைமாறும். தம் நேர்கோட்டிலேயே நிற்பவை ஐகன் வெக்டர்கள். அவை பெருகும் மடங்கு ஐகன் மதிப்பு.

```
A(2, 1)  = (12, 6) = 6(2, 1)
A(1, -2) = (1, -2) = 1(1, -2)
```

ஐகன் மதிப்பு, அத்திசையிலுள்ள மாறுபாட்டின் அளவாகும். மொத்த மாறுபாடாகிய 7இல் 6, அதாவது ஏறத்தாழ 86 விழுக்காடு, (2, 1) என்னும் திசையில் அடங்குகிறது. நீளமும் உயரமும் சேர்ந்து மிகும் இத்திசை, ஆமை சிறிதா பெரிதா என்பதைக் காட்டுகிறது. இதற்குச் செங்குத்தான (1, −2) என்னும் திசை, ஓடு தட்டையானதா குவிந்ததா என்பதைக் காட்டுகிறது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. உயரத்தை மட்டும் மில்லிமீட்டரில் எழுதினால் அதன் மாறுபாடு 200 ஆகும். உடன்மாறுபாடு 20 ஆகும். முதன்மைத் திசை உயர அச்சை ஒட்டிச் சாய்ந்துவிடும். ஆமைகள் மாறவில்லை; அலகே மாறியது. ஆதலின், அலகுகள் வேறுபடும்போது ஒவ்வோர் அளவையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்த பின்னரே அணியை அமைப்பர்.