கூட்டல் ஏன் பூஜ்யம் காட்டுகிறது?

கேள்வி: மாடி போர்ஷனுக்குத் தனியாக சப்-மீட்டர் வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து எக்செல்லில் ஏற்றுகிறேன். செலவான யூனிட் ஒவ்வொரு வரியிலும் சரியாக வருகிறது, கீழே கூட்டினால் மட்டும் 0 என்கிறது. போதாததற்கு இந்தத் தடவை மைனஸில் ஒரு பெரிய எண் வந்திருக்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். அதில் இருப்பது இரண்டு தனித்தனிக் காரணங்கள்.

முதலில் அந்த 0. கூட்டல் சூத்திரத்தில்தான் பிழை என்று பலரும் அதையே மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். உங்கள் `SUM` சரியாகவே இருக்கிறது. சிக்கல் அதற்கு மேலே உள்ள வரிகளில். B பத்தியில் ரீடிங்கை வைத்து, C பத்தியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

```
=B3-B2&" யூனிட்"
```

`&` என்பது ஒட்டுக்குறி. இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரே சொற்றொடராக்குவது அதன் வேலை. கழித்து வந்த 216-உடன் ‘யூனிட்’ ஒட்டியதும் அது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாகிவிடுகிறது. `SUM` எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும். பத்தி முழுக்க எழுத்தாக இருந்தால் மிஞ்சுவது 0. இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். நீங்களாக மாற்றாதவரை எண்கள் கட்டத்தின் வலது ஓரத்திலும் எழுத்துகள் இடது ஓரத்திலும் நிற்கும். உங்கள் C பத்தி இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பாருங்கள்.

ஆகவே கட்டத்தில் `=B3-B2` மட்டும் இருக்கட்டும். ‘யூனிட்’ என்ற சொல்லைத் தோற்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, Custom என்பதில் இதை எழுதுங்கள்:

```
0 "யூனிட்"
```

திரையில் ‘216 யூனிட்’ என்று தெரியும், உள்ளே இருப்பது 216 என்ற எண்தான். கூட்டலாம், ரேட்டால் பெருக்கலாம். யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. அதாவது 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம்.

இனி அந்த மைனஸ். உங்கள் ரீடிங்குகள் 99,486, 99,702, 99,935, கடைசியாக 148. மீட்டர் மாதாமாதம் புதிதாக எண்ணத் தொடங்குவதில்லை, பொருத்திய நாளிலிருந்து ஓடியதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறது. அதனால்தான் முந்தைய ரீடிங்கைக் கழிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உங்களுடையது ஐந்து இலக்க மீட்டர். 99,999-க்குப் பிறகு காட்ட இடமில்லாமல் 00000-க்குத் திரும்பிவிடும், பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண்கள் திரும்புவதைப் போல. 148 என்று தெரிந்தாலும் உண்மையில் ஓடியிருப்பது 1,00,148. அதிலிருந்து 99,935 போக 213 யூனிட். முந்தைய இரண்டு தடவை 216-ம் 233-ம் ஆகியிருப்பதால் 213 நம்பக்கூடிய எண்தான். சூத்திரத்தை இப்படி மாற்றிவிடுங்கள்:

```
=IF(B3<B2, B3+100000-B2, B3-B2)
```

முதல் ரீடிங்கின் வரியில் C காலியாகவே இருக்கட்டும். கழிக்க அதற்கு முன் ஒன்றுமில்லை. நான்கு ரீடிங்குக்கு மூன்று செலவுகள்தான் கிடைக்கும்.

இந்தச் சூத்திரத்தை நான் முழுதாக நம்புவதில்லை. ரீடிங் குறைந்தால் மீட்டர் சுற்றிவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். 99,702-ஐ அவசரத்தில் 99,072 என்று தட்டிவிட்டீர்கள் என்றால், சத்தமே இல்லாமல் 99,586 யூனிட் என்று போட்டுவிடும். 5 கிலோவாட் சுமை அறுபது நாளும் இரவு பகலாக ஓடினாலே 7,200 யூனிட்தான் ஆகும். அதற்கு மேல் எது வந்தாலும் மீட்டரிடம் போய் மறுபடி பாருங்கள். புது மீட்டர் மாற்றினாலும் ரீடிங் குறையும், அப்போதும் இந்தச் சூத்திரம் ஏமாற்றும். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைக் கழற்றும்போதே குறித்துவைத்து, அதுவரை ஆனதையும் புது மீட்டரில் ஆனதையும் தனித்தனியே கழித்துக் கூட்ட வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. 216, 233, 213 மூன்றையும் கூட்டினால் 662. கடைசி ரீடிங்கான 1,00,148-இலிருந்து முதல் ரீடிங்கான 99,486-ஐக் கழித்தாலும் அதே 662. இரண்டும் ஒத்துப்போனால் சூத்திரம் எந்த வரியிலும் விட்டுப்போகவில்லை என்று பொருள். ஆனால் நடுவில் ஒரு ரீடிங்கை 20 கூட்டி எழுதியிருந்தால் இந்தச் சோதனையில் அது சிக்காது. ஒரு வரியில் ஏறிய 20 அடுத்த வரியில் இறங்கிச் சமமாகிவிடும். ரீடிங் எடுக்கும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இருப்பவர் கேட்டாலும் காட்டலாம்.