ஒரே மாத்திரை, ஒரே அளவு: தங்கைக்கு மட்டும் ஏன் தள்ளாட்டம்?

கேள்வி: என் தங்கைக்கு வயது 29, எடை 60 கிலோ. வலிப்புக்காக இரவில் 300 மில்லிகிராம் ஃபெனிட்டாயின் எழுதிக்கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தபோது 33 என்று வந்தது. மருத்துவர் சில நாள் நிறுத்தி, இப்போது 250 கொடுக்கிறார், நன்றாக இருக்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணன் இதே 300-ஐப் பல வருடமாகச் சாப்பிடுகிறார், அவருக்கு ஒன்றுமில்லை. தங்கைக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டதா? ஈரல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்களே? வெறும் 50 குறைத்தது போதுமா?

— வாசகி, மன்னார்குடி

பதில்: ஈரல் கெடவில்லை. ஈரல் பரிசோதனையில் பார்க்கிற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஈரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற நொதிகள். அவை அளவோடு இருந்தால் செல்களுக்குக் காயம் இல்லை என்று அர்த்தம். மருந்தைச் சிதைக்கிற நொதிகள் வேறு. அவை செல்லுக்குள்ளேயே ஒரு சவ்வில் பதிந்து கிடக்கும், ரத்தத்தில் தெரியாது. அதனால் ஈரல் முழு ஆரோக்கியத்தோடு இருந்தும், குறிப்பிட்ட ஒரு மருந்தை மட்டும் மெதுவாகச் சிதைக்கலாம். உங்கள் தங்கைக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஃபெனிட்டாயின் கொழுப்பில் கரைகிற பொருள். சிறுநீரகம் அதை வடிகட்டினாலும் அது திரும்ப ரத்தத்துக்கே உறிஞ்சப்பட்டுவிடும். சாப்பிட்டதில் மிகச் சிறு பங்குதான் அப்படியே சிறுநீரில் போகிறது. வெளியேற வேண்டுமானால் நீரில் கரையும்படி மாற வேண்டும். சிஒய்பி2சி9 என்ற ஈரல் நொதி அந்த மூலக்கூறின் வளையத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அதைப் பிடியாக வைத்துக்கொண்டு இன்னொரு நொதி சர்க்கரை போன்ற ஓர் அமிலத்தை இணைக்கிறது. பிறகுதான் சிறுநீர் வழி திறக்கிறது. முதல் படியின் வேலையில் பெரும்பங்கு இந்த ஒரே நொதியின் தலையில் விழுகிறது. சிஒய்பி2சி19 என்ற இன்னொன்று கொஞ்சம் கைகொடுக்கும்.

பெரும்பாலான மருந்துகளில், ரத்தத்தில் அளவு ஏற ஏற ஈரலும் அதே விகிதத்தில் கூடுதலாகச் சிதைக்கும். ஃபெனிட்டாயின் அப்படி இல்லை. நாம் வழக்கமாகக் கொடுக்கிற அளவிலேயே நொதி தன் எல்லையை நெருங்கிவிடுகிறது. ரேஷன் கடையில் ஒருவர் மட்டும் பில் போடுகிறார் என்றால், அவரால் முடிகிற எண்ணிக்கை வரை வரிசை சீராக நகரும்; அதைத் தாண்டிச் சிலர் கூடுதலாக வந்தாலே வரிசை தெருவுக்கு நீண்டுவிடும். ரத்தத்தில் நாம் அளப்பது அந்த வரிசையின் நீளத்தைத்தான்.

எண்களில் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஈரல் ஒரு நாளில் அதிகபட்சம் சுமார் 420 மில்லிகிராம் ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் என்று பாடநூல் சராசரியை வைத்துக்கொள்வோம். அவர் தினம் 300 சாப்பிட்டால், கணக்குப்படி ரத்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமில் நிற்கும். வேண்டிய எல்லை 10 முதல் 20 வரை. பக்கத்து வீட்டு அண்ணன் ஏறக்குறைய இங்கே இருக்கிறார் என்று கொள்ளலாம். அவருக்கே 350 கொடுத்தால் 20. 400 கொடுத்தால் 80-ஐ நோக்கி ஏறத் தொடங்கும். இப்போது உங்கள் தங்கையின் நொதி ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைவு என்று வையுங்கள். அதிகபட்சம் 336. அதே 300-க்கு ரத்த அளவு 33. ஐந்தில் ஒரு பங்கு குறைபாடு மும்மடங்குக்கு மேல் ஏற்றம் ஆகிவிடுகிறது.

தங்கைக்கு 250 கொடுத்தால் இதே கணக்கில் வருவது 11.6. ஆகவே “வெறும் 50” என்று நினைக்காதீர்கள். இந்த மருந்தில் 50 மில்லிகிராம் பெரிய அடி. நல்ல நரம்பியல் மருத்துவர்கள் மேல் அளவுகளில் 25, 30 என்றுதான் ஏற்றி இறக்குவார்கள். ஆனால் நான் போட்டது சராசரியை வைத்த கணக்கு. இரண்டு மூன்று வாரம் கழித்து, அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். கூடவே ஆல்புமினையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மீதிதான் மூளையில் வேலை செய்கிறது. ஆல்புமின் குறைந்தவருக்கு 15 என்று அழகான எண் வந்தாலும் உள்ளுக்குள் நஞ்சளவு இருக்கக்கூடும்.

நொதி ஏன் குறைகிறது? சிஒய்பி2சி9 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து வருகிறது. *3 என்று எண்ணிடப்பட்ட மாறுபாட்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அதனால் நொதியின் 359-ஆம் இடத்தில் ஐசோலியூசின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் வந்து உட்காரும். வேலையின் வேகம் வெகுவாகச் சரிந்துவிடும். ஒரு பிரதி மட்டும் *3 என்றால் தொடர் அளவைக் கால் பங்கும், இரண்டும் *3 என்றால் பாதியும் குறைத்துத் தொடங்கலாம் என்பது சர்வதேச மருந்து-மரபியல் வழிகாட்டுதல். ஐரோப்பியரிடம் *2 அதிகம், தென்னிந்தியரிடம் *3 அதிகம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் இதை நம் மக்களிடமே ஆராய்ந்திருக்கிறார்கள். மரபணுவைப் படிக்கும் வசதி வருவதற்கு வெகு முன்பே, 1964-இல், வழக்கமான அளவிலேயே நஞ்சேறிய ஒரு நோயாளியை நியூயார்க்கில் ஹென் குட் குழுவினர் விவரித்தார்கள். அந்த ஆக்சிஜன் சேர்க்கும் படி அவர் உடலில் போதவில்லை என்பதைச் சிறுநீரை ஆராய்ந்தே கண்டுபிடித்தார்கள்.

முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாமல் மூன்றாவது வாரத்தில் தள்ளாடியதற்கும் இதுவே காரணம். நொதி நிறைந்துவிட்டால் மருந்து ஒரு நிலையான அளவை எட்டவே பல வாரம் ஆகும். தினமும் கொஞ்சம் மிஞ்சிச் சேர்ந்துகொண்டே போகும். அறிகுறிகளும் வழக்கமாக வரிசையாக வரும். 20-ஐத் தாண்டும்போது, பக்கவாட்டில் நகர்த்துகிற விரலைப் பார்க்கச் சொன்னால் கருவிழி வெட்டி வெட்டி இழுக்கும். 30-ஐ ஒட்டி நடை தள்ளாடும். 40-க்கு மேல் மந்தமும் குழப்பமும். நடையைப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நின்றால் வலிப்பு அடுக்கடுக்காக வரும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தாலும் அன்றே. *3 உள்ளவர்களுக்குக் கடுமையான தோல் ஒவ்வாமைக்கான வாய்ப்பும் கூடுதல்.

இனி யார் புது மருந்து எழுதினாலும் இந்த 33-ஐச் சொல்லுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், ஃபெனிட்டாயின் சிதைவதைத் தடுக்கும். அந்த ஐசோனியசிட்டைச் சிதைக்கிற நொதியே நம்மில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மரபிலேயே மெதுவாக இருப்பதால், தடையும் அதிகமாகும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோலும் இதே நொதியைத் தடுக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினைச் சிதைப்பதும் சிஒய்பி2சி9தான். அந்த மருந்து வழக்கமான அளவிலேயே தங்கைக்கு ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

மரபணுப் பரிசோதனை செய்தால் அதன் அறிக்கை ஆயுளுக்கும் மாறாது, ஒருமுறை போதும். அதில் *1/*3 என்று வந்தால் உங்களுக்கும் அந்தப் பிரதி வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்களுக்கு எப்போதாவது இம்மருந்துகளில் ஒன்று தேவைப்பட்டால், தங்கையின் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.